"இறுதி ஒப்புதல்" என்று ஒரு வரி. என் 2,40,000 ரூபாய் போச்சு

நேத்து காரைக்குடியில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் ஒரு மணிவிழாத் தாம்பூலப் பை. அதற்குள் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று. ஒரு குடும்பத்துக்காக நான் காசுக்கு எழுதிக் கொடுத்த அவர்கள் கதை. புரட்டினால் முதல் வரியே நான் எழுதினது. இரண்டாவது பக்கத்தில் "தொகுப்பு" என்று அவர்கள் ஆபீஸ் மேனேஜர் பேர். எனக்கு வரவேண்டிய 2,40,000 ரூபாய் இன்னும் வரலை. கேட்டால் "புத்தகத்துக்கு இன்னும் ஒப்புதல் ஆகலை" என்கிறார்கள். ஒப்புதல் ஆகாத புத்தகம் எப்படிங்க தாம்பூலப் பையில் வந்துச்சு?

யார் என்று சொல்ல மாட்டேன். செட்டிநாட்டில் வேர், சென்னையில் ஆபீஸ், ஒரு குடும்ப நிறுவனம், அவ்வளவுதான். சொல்லாததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. ரகசியக் காப்புன்னு ஒரு பத்தியில் கையெழுத்துப் போட்டுத் தொலைச்சிருக்கேன்.

முதல் நாள் அவர்கள் வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். ஆச்சி வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் கொண்டு வந்து வச்சாக. நான் ஏழு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொண்டு போயிருந்தேன். முதலாளி அதைப் புரட்டக்கூட இல்லை. "நமக்குள்ள எதுக்குத் தம்பி இம்புட்டு? எங்க ஐயா பர்மாவுல வாய்ச் சொல்லுலயே வரவு செலவு பண்ணுனவுக" என்றார். சாயங்காலம் மேனேஜர் இரண்டு பக்கத்தில் ஒன்று அனுப்பினார். பணியாரம் வயித்துக்குள்ள இருந்ததால் கையெழுத்துப் போட்டேன். பிறகு அந்த ஐயாவைப் பற்றி எழுத மாடியில் பழைய பெட்டியைத் திறந்தால், கட்டுக் கட்டாகப் புரோநோட்டு! நோட்டு வாங்காமல் அவர் பத்து ரூபாய் கொடுத்ததில்லை என்று நாலாவது அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கேன்.

மொத்தம் 4,00,000. முன்பணம் 1,00,000, முதல் வரைவு கொடுத்ததும் 60,000, மீதி 2,40,000 "இறுதி ஒப்புதலுக்குப் பின்". யாருடைய ஒப்புதல், எத்தனை நாளுக்குள், எத்தனை திருத்தம் வரை, எதுவும் இல்லை. வரைவை ஆவணியில் கொடுத்தேன். "அண்ணன் சிங்கப்பூர்ல இருக்காக." அப்புறம் "மகளுக்கு மூணாவது அத்தியாயம் பிடிக்கலையாம்." மாத்திக் கொடுத்தேன். "மாப்பிள்ளை பாக்கணும்கிறாக." அதையும் பொறுத்துக்கிட்டேன். "ஆடிட்டர்கிட்ட இருக்கு." வரவு செலவுக் கணக்கையா எழுதினேன், ஆடிட்டர் பார்க்க? ஐந்தாவது முறை மேனேஜர் போனே எடுக்கலை.

அந்த வரி இப்படி இருந்திருக்கணும்: ஒப்புதல் தருபவர் ஒரே ஆள், அவர் பேரோட. வரைவு கையில் கிடைத்த 15 நாளுக்குள் திருத்தம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத்தில் தரணும். இரண்டு சுற்றுக்கு மேல் போனால் தனிக் கட்டணம். நாள் தாண்டினாலும், அச்சுக்குப் போனாலும் ஒப்புதல் ஆனதாகவே அர்த்தம். ஒப்புதலுக்காக நிறுத்தி வைக்கிற தொகை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நான் பாதிக்கு மேல் விட்டேன், 2,40,000.

அடுத்த ஓட்டை உரிமை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலையில் இல்லாமல் வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவர்தான் முதல் உரிமையாளர். கையெழுத்துப் போட்டு எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் அது கை மாறும். அந்த மாற்றத்தை "முழுப் பணமும் வந்து சேர்ந்த பிறகே" என்று எழுதியிருந்தால், அச்சகத்துக்கே நோட்டீஸ் விட்டிருக்கலாம். என் இரண்டு பக்கத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே எல்லா உரிமையும் அவர்களுக்குப் போயிருச்சு.

பேர் விஷயம் இன்னும் கொடுமை. "நன்றியுரையில ஒங்க பேரு வரும் தம்பி" என்றது வாய்வார்த்தை. உரிமையைக் கொடுத்த பிறகும் "எழுதினவன் நான்" என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவில் எழுத்தாளரிடமே இருக்கிறது. ரகசியப் பத்தி அதை அடைக்குமா என்று கோர்ட்டில் வாதாடித்தான் பார்க்கணும். பேர் வேண்டாம் என்று இருப்பவர்கள்கூட, வேறொருத்தர் பேரையும் போடக் கூடாது என்று ஒரு வரி கேளுங்கள். எனக்கு அது தோணவே இல்லை.

வேற என்ன சொல்ல, கை நடுங்குது. ரகசியப் பத்தியில் "பாக்கி வசூலுக்கும் வக்கீல் ஆலோசனைக்கும் இது பொருந்தாது" என்று சேருங்கள். பேட்டி ஒலிப்பதிவை, பணம் வரும் வரை கொடுக்காதீங்க, நான் 38 மணி நேரம் கொடுத்துட்டேன். வரைவை மின்னஞ்சலில் மட்டும் அனுப்புங்க, தேதி நிற்கும். போனில் பேசினதை அன்னைக்கே மெயிலில் எழுதிப் போடுங்க.

நாளைக் காலை தேவகோட்டையில் வக்கீலைப் பார்க்கிறேன். அந்தத் தாம்பூலப் பையைக் கேட்டு வாங்கி வந்துட்டேன், புத்தகத்தோட.