என்.பி.ஏ. குழு வருமுன்: கிரைட்டீரியன் ஃபைலா, கோர்ஸ் ஃபைலா?

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி, சிவில் துறை என்று வைத்துக்கொள்வோம். பொறியியல் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் என்.பி.ஏ.வின் குழு வர இரண்டு மாதம் இருக்கிறது. துறைக் கூட்டத்தில் முதல் சண்டையே ஆதாரங்களை எப்படி அடுக்குவது என்பதில்தான் வரும்.

ஒரு கட்சி, என்.பி.ஏ. மதிப்பிடும் அளவுகோலான கிரைட்டீரியன் ஒவ்வொன்றுக்கும் ஒரு அலமாரி, அதற்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு என்னும். பார்க்க அழகாக இருக்கும், எச்.ஓ.டி.க்கும் நிம்மதி. சிக்கல் நகலில் இருக்கிறது. ஒரே வினாத்தாளும் மதிப்பெண் பட்டியலும் இரண்டு மூன்று கிரைட்டீரியனுக்குத் தேவைப்படும். ஆளாளுக்கு ஒரு நகல் எடுத்து வைப்பார்கள்.

திரவ இயக்கவியல் பாடத்தையே பாருங்கள். 60 சதவீத மாணவர்கள் இலக்கு மதிப்பெண்ணைத் தொட்டால் நிலை 1, 70 என்றால் நிலை 2, 80 என்றால் நிலை 3 என்று துறை வகுத்திருக்கிறது. முதலில் போட்ட கணக்கில் 60 பேரில் 42 பேர் தொட்டார்கள்: சரியாக 70 சதவீதம், நிலை 2. அப்புறம் டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்த 4 பேரையும் சேர்த்தபோது 64-க்கு 44 ஆகி, 68.75 சதவீதம், நிலை 1-க்கு இறங்கியது. பாட ஆசிரியர் தன் தாளைத் திருத்திவிட்டார். அலமாரியில் இருந்த நகலை யாரும் திருத்தவில்லை. துறை என்.பி.ஏ.வுக்குக் கொடுத்த தன்மதிப்பீட்டு அறிக்கையில் 2, கையெழுத்திட்ட தாளில் 1. குழுவினர் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு வினாத்தாள், விடைத்தாள், மதிப்பெண் பட்டியல் என்று பின்னாலேயே போகிறவர்கள். இது ஒன்று சிக்கினால் மற்ற எண்களையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

மறுகட்சி, எல்லாம் அந்தந்தப் பாடத்துக்கான கோர்ஸ் ஃபைலிலேயே இருக்கட்டும், பாடம் எடுத்தவரே பொறுப்பு என்னும். திருத்தம் ஒரே இடத்தில் நடக்கும். ஆனால் மே மாதம் ஆசிரியர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால், "அண்ணாச்சி, அந்த ஃபைல் யார்ட்ட இருக்கு?" என்று அலுவலக உதவியாளரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

என் ஓட்டு கோர்ஸ் ஃபைலுக்குத்தான். கிரைட்டீரியன் அலமாரியில் நகல் வேண்டாம், அட்டவணை மட்டும் போதும்: அறிக்கையில் உள்ள எண், அதன் ஆதாரம் எந்த ஃபைல், எந்தப் பக்கம், கடைசியாகத் திருத்திய தேதி, பொறுப்பாளர், அவர் இல்லாவிட்டால் யார். கிரைட்டீரியன் பொறுப்பாளர் தாளைத் திருத்தக் கூடாது. பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவர் ஃபைலைக் கைமாற்றிக் கையெழுத்து வாங்கின பிறகே விடுவிப்புக் கடிதம்.

ஸ்கேன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பார்க்கட்டும். தரைத்தள அறையில் விடைத்தாளை வைத்திருந்தால் ஸ்கேன் கட்டாயம்.

ஏற்பாடு நிற்குமா என்று பார்க்க, பக்கத்துத் துறை ஆசிரியர் ஒருவரிடம் அறிக்கையைக் கொடுத்து ஏதாவது பத்து எண்களைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூலத்தாள் ஐந்து நிமிடத்தில் மேசைக்கு வர வேண்டும். பாட ஆசிரியர் அன்று விடுப்பில் இருப்பதாக வைத்துக்கொண்டே தேடுங்கள்.