பச்சைப் பட்டை: ஒரு ஏ/பி டெஸ்ட் கருவியோடு பதினெட்டு மாதம்

நேற்று ஈரோட்டு நண்பர் ஒருவர் போன் செய்தார். ஆன்லைனில் ஜவுளி விற்பவர். "நீங்க வச்சிருக்கிற அந்த ஏ/பி டெஸ்ட் சாஃப்ட்வேருக்கு வருஷச் சந்தாவைப் பாதியாக் குறைச்சிருக்காங்க. வாங்கிப் போடட்டுமா?" என்றார். வாயால் சொன்னால் திட்டாகத்தான் வரும், எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அதுதான் இது. ஏ/பி டெஸ்ட் என்றால், ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களை வருகிறவர்களுக்குப் பாதிப் பாதியாகக் காட்டி, எதற்குப் பலன் அதிகம் என்று பார்ப்பது. கருவியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறை அந்த ஒன்றுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டேலி, ஜி.எஸ்.டி. சொல்லித்தரும் ஒரு பயிற்சி மையத்தின் லேண்டிங் பேஜை, அதாவது விளம்பரத்தைக் கிளிக் செய்தவர்கள் வந்து சேரும் பக்கத்தை, நான் பார்த்துக்கொள்கிறேன். தலைப்பை மாற்ற டெவலப்பரிடம் போய் நிற்க வேண்டாம். பக்கத்தின் மீதே கிளிக் செய்து இரண்டாவது தலைப்பை எழுதிவிட்டு ஆன் செய்தால் போதும். வருகிறவர்களைப் பாதிப் பாதியாகப் பிரிப்பதிலும் குறை சொல்ல முடியாது. ஒரு டெஸ்டில் 13,713 பேர் வந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 29 பேர்தான். பழைய தலைப்பு ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மறையும் சிணுக்கம் மலிவான போன்களில் உண்டு. அதற்குப் பழகிவிட்டேன்.

பழக முடியாதது அந்தப் பச்சைப் பட்டைதான்.

டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஏதோ ஒரு நாள், ஒரு தலைப்பின் பக்கத்தில் "வின்னர்" என்று பச்சையில் ஒரு பட்டை தோன்றும். போனுக்கு நோட்டிஃபிகேஷன் வரும். மையத்தின் உரிமையாளருக்கும் மெயில் போகும். எத்தனை பேரைப் பார்த்தபின் முடிவெடுப்பது என்று நாம் முன்பே தீர்மானித்தோமா என்று கருவி ஒரு முறைகூடக் கேட்காது.

முதல் டெஸ்டில் நன்றாக ஏமாந்தேன். பழைய தலைப்பு "மூன்றே மாதத்தில் டேலி கற்றுக்கொள்ளுங்கள்". புதியது "வேலைக்குப் போகுமுன் ஒரு கம்பெனியின் கணக்கை நீங்களே எழுதிப் பாருங்கள்". இலவச டெமோ வகுப்புக்குப் பெயர் பதிவதுதான் அளவுகோல். தினமும் சுமார் 490 பேர் வருவார்கள், அதில் நூற்றுக்கு நான்கு பேர் பதிவார்கள். ஆறாம் நாள் காலை பச்சை. பழைய தலைப்பைப் பார்த்த 1,470 பேரில் 57 பேர் பதிந்திருந்தார்கள், புதியதைப் பார்த்த 1,455 பேரில் 81 பேர். கூடுதல் 44%, நம்பகம் 97% என்று திரை சொன்னது. பத்து மணிக்குள் உரிமையாளர் கூப்பிட்டுவிட்டார். "வின்னர்னு அவனே சொல்றான், அப்புறம் எதுக்கு சார் வெயிட் பண்றீங்க?" என்னிடம் பதில் இல்லை. புதிய தலைப்பையே எல்லோருக்கும் வைத்துவிட்டோம்.

அடுத்த மாதம் பதிவு 4.1%. பழைய கதையேதான். அந்த 44% எங்கே போனது என்று உரிமையாளர் கேட்கவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். டெஸ்ட் தொடங்குமுன் நாம் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம்: இப்போதைய பதிவு விகிதம் எவ்வளவு, எவ்வளவு கூடினால் நமக்குப் பயன். எங்களுக்கு 4% என்பது 5% ஆனால்தான் ஒரு பேட்ச்சுக்கு ஆள் சேரும். அதற்குக் குறைந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. புள்ளியியல் கணக்குக்கான ஆர் மென்பொருளில் ஒரு வரிதான்:

```r
power.prop.test(p1 = 0.04, p2 = 0.05, power = 0.8)
```

ஒரு தலைப்புக்கு 6,745 பேர் என்று விடை வரும். இந்த அளவு வைத்தால், வித்தியாசம் உண்மையாகவே இருக்கும்போது பத்தில் எட்டு முறை டெஸ்ட் அதைப் பிடித்துவிடும். வித்தியாசமே இல்லாதபோது இருபதில் ஒரு முறை இருக்கிறது என்று பொய் சொல்லும். இரண்டு தலைப்புக்குமாக 13,490 பேர் வேண்டும், எங்கள் வரத்துக்கு 28 நாள். நாங்கள் நிறுத்தியது ஆறாம் நாள்.

அந்த இருபதில் ஒன்று என்ற கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. கடைசியில் ஒரே ஒரு முறை பார்க்க வேண்டும். கருவியோ ஒவ்வொரு நாளும் பார்க்கிறது, எந்த நாள் நம்பகம் 95% என்ற கோட்டைத் தாண்டுகிறதோ அன்றே பச்சை காட்டுகிறது. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஆர்மிடேஜ், மெக்ஃபெர்சன், ரோ என்ற மூன்று புள்ளியியலாளர்கள் 1969லேயே இதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். வித்தியாசமே இல்லாத இரண்டை ஐந்து முறை இடையில் பார்த்தால், எங்காவது ஒரு தடவை பொய்யாகக் கோட்டைத் தாண்டும் வாய்ப்பு 5% இல்லை, 14%. பத்து முறை பார்த்தால் 19%. இருபது முறை என்றால் நாலில் ஒன்று. சோற்றை நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதில் தவறில்லை. முதல் தடவை ஒரு பருக்கை மென்மையாக இருந்ததும் அடுப்பை அணைப்பதில்தான் தவறு.

இன்னொன்று புரிந்தபோது கோபம் இரட்டிப்பானது. ஆறாம் நாளில் தலைப்புக்கு 1,460 பேர்தான் வந்திருப்பார்கள். அந்த எண்ணிக்கைக்கு அந்தக் கோட்டைத் தாண்ட இரண்டு விகிதங்களுக்கும் நடுவே சுமார் ஒன்றரைப் புள்ளி இடைவெளி வேண்டும். அதாவது 4% என்பது 5.5% போலத் தெரிய வேண்டும். ஆகவே அந்த வாரத்தில் பச்சை வந்தால் அதன் கூடவே 40 சதவீதத்துக்குக் கிட்ட ஒரு பெரிய எண்ணும் வந்தே தீரும். சின்ன எண்ணோடு வர வழியே இல்லை. உண்மையான முன்னேற்றம் 10% ஆக இருந்தாலும், பூஜ்யமாகவே இருந்தாலும், முந்திக்கொண்டு வரும் பச்சை காட்டுவது அதே பிரம்மாண்டத்தைத்தான். உரிமையாளர் மயங்கியது 44 என்ற எண்ணைப் பார்த்துத்தான். நானும்தான், பொய் சொல்வானேன்.

மூன்று மாதம் கழித்து அதே இரண்டு தலைப்புகளை மறுபடி ஓடவிட்டேன். தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் கையெழுத்தே வாங்கிவிட்டேன்: 28 நாள், முழு நான்கு வாரம். முழு வாரம் ஏன் என்றால், ஞாயிறு மாலை வருகிறவர்கள் வேலை தேடும் பட்டதாரிகள். செவ்வாய் மதியம் வருகிறவர்கள் ஏற்கெனவே கடையில் கணக்கு எழுதுகிறவர்கள். ஆறு நாளில் நிறுத்தினால் ஏதோ ஒரு கிழமை விட்டுப்போகும். விளம்பரம் பார்க்கும் பையனிடமும் சொல்லி வைத்தேன்: இந்த நான்கு வாரம் இன்ஸ்டாகிராமில் எதையும் மாற்றாதே.

நான்காம் நாளே பச்சை வந்தது. ஆனால் இந்த முறை பழைய தலைப்புக்கு! 980 பேரில் 51, எதிரே 975 பேரில் 32. போன முறை 97% நம்பகத்தோடு ஜெயித்த அதே தலைப்பு இப்போது 96% நம்பகத்தோடு தோற்றுக்கொண்டிருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பினேன். "அப்ப எது நிஜம்?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்ட தாளைப் படம் பிடித்துத் திருப்பி அனுப்பினேன்.

பதினோராம் நாள் பச்சை தானாகவே மறைந்தது. வரும்போது நோட்டிஃபிகேஷன், மெயில் எல்லாம் உண்டு; போகும்போது ஒரு மூச்சும் இல்லை. எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

28 நாள் முடிவில் பழையது 6,842 பேரில் 279, புதியது 6,871 பேரில் 291. முறையே 4.08%, 4.24%. இரண்டும் சமம் என்று இதற்குப் பொருள் இல்லை. புதியது அரைப் புள்ளி மோசமாகவும் இருக்கலாம், 0.8 புள்ளி மேலாகவும் இருக்கலாம், அவ்வளவுதான் இந்த எண்கள் சொல்கின்றன. ஆனால் நாங்கள் கேட்டது ஒரு புள்ளி கூடுமா என்று. அதற்குக் கிட்டத்தட்ட இல்லை என்ற பதில் கிடைத்துவிட்டது. டெஸ்டை நிறுத்தினோம். இன்னும் ஒரு வாரம் ஓடவிட்டால் மாறுமோ என்று உரிமையாளர் இழுத்தார். விரும்பிய பதில் வரும்வரை நீட்டுவதும் அதே ஏமாற்றுதான், திசைதான் வேறு.

இடையில் பார்க்காமல் இருக்கவே முடியாது என்பவர்களுக்கு முறையான வழி ஒன்று இருக்கிறது. எத்தனை முறை பார்ப்போம் என்று முன்பே சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறைக்கும் கோட்டை உயர்த்திக்கொள்ள வேண்டும். இங்கே p மதிப்பு என்று ஒன்று வரும்: வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு இடைவெளியோ இதைவிடப் பெரிதோ தற்செயலாக வரும் வாய்ப்பு அது. திரையில் நம்பகம் 97% என்றால் p மதிப்பு சுமார் 0.03. போகாக் என்ற புள்ளியியலாளர் 1977ல் கொடுத்த கணக்குப்படி, நான்கு முறை பார்ப்பதாக இருந்தால் p மதிப்பு 0.05க்குப் பதில் 0.0182க்குக் கீழே இறங்கினால்தான் நிறுத்தலாம். இப்போது வாரம் ஒருமுறை, ஞாயிறு இரவு மட்டும் பார்க்கிறேன். எண்களைக் கருவியின் எக்ஸ்போர்ட்டிலிருந்து இறக்கி நானே கணக்குப் போடுகிறேன். அந்த முதல் டெஸ்டின் ஆறாம் நாள் p மதிப்பு 0.031. இந்தக் கோட்டை வைத்திருந்தால் பச்சையே வந்திருக்காது. சில கருவிகள் இடையில் பார்ப்பதைக் கணக்கில் சேர்த்தே முடிவு சொல்கின்றன. என்னுடையது அப்படி இல்லை. சப்போர்ட்டில் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று இரண்டு முறையும் பதில் வந்தது, அதுவும் பத்தே நிமிடத்தில். சப்போர்ட் வேகம் என்று அதற்கு ஒரு மார்க் போட்டுவிடலாம்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கடைக்கு நாளைக்கு 110 பேர் வருகிறார்கள், ஆர்டர் சுமார் 2%. அதை 2.5% ஆக்கும் தலைப்பைக் கண்டுபிடிக்க ஒரு பக்கத்துக்கு 13,800 பேர் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தால் எட்டு மாதத்துக்கு மேல். அதற்குள் தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடி இவற்றில் ஒன்றிரண்டாவது வந்து போய்விடும், வாங்குகிறவர்கள் கூட்டமே மாறிப்போயிருக்கும், தலைப்பினால் கூடியதா சீசனால் கூடியதா என்று சொல்ல முடியாது. எனக்கே 10% முன்னேற்றத்தைப் பிடிக்க ஒரு பக்கத்துக்கு 39,500 பேர், ஐந்து மாதத்துக்கு மேல். அதனால் "கற்றுக்கொள்ளுங்கள்" என்பதைக் "கற்கலாம்" என்று மாற்றிப் பார்க்கும் சில்லறை டெஸ்டுகளை விட்டுவிட்டேன். சொல்லும் விஷயமே வேறாக இருந்தால்தான் ஓடவிடுகிறேன். இப்போது ஓடுவது, கட்டணத்தைத் தலைப்பிலேயே போட்ட ஒன்று.

ஆகவே அவருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். அந்தப் பணத்தில் பத்து வாடிக்கையாளரைப் போனில் பிடித்து, ஏன் வாங்கினீர்கள், ஏன் பாதியில் விட்டீர்கள் என்று கேட்கச் சொல்கிறேன்.

நான் என் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன், பாதி விலை என்றதுமே, நேற்றிரவே. டெவலப்பரிடம் போய் நிற்க எனக்குத் தெம்பு இல்லை. நோட்டிஃபிகேஷனை அணைத்தாயிற்று. உரிமையாளருக்குப் போகும் மெயிலை நிறுத்தும் வழிதான் இந்தப் பதினெட்டு மாதத்தில் அகப்படவில்லை.