மதுரையை வெட்டாமல் உசிலம்பட்டியைக் காட்டுவது எப்படி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை மாநகராட்சி சுமார் 10.18 லட்சம், திருமங்கலம் 51 ஆயிரம், மேலூர் 40 ஆயிரம், உசிலம்பட்டி 35 ஆயிரம். (14.65 லட்சம் என்று ஒரு எண்ணும் உலவும். அது சுற்றுப்பகுதிகளையும் சேர்த்த நகரத்தொகுதி. இரண்டையும் கலந்துவிட்டால் எப்படி வரைந்தாலும் தப்புதான்.) இந்த நான்கையும் 500 பிக்சல் உயர வரைபடத்தில் பட்டைகளாக நிறுத்தினால் திருமங்கலத்துக்கு 25 பிக்சல் கிடைக்கும். மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் இடையிலான ஐயாயிரம் பேர் இரண்டு பிக்சலில் அடங்கிப்போவார்கள்.

உடனே பலருக்கும் தோன்றுவது அச்சை முறிப்பது. கீழே 0 முதல் 60,000 வரை 300 பிக்சல், ஒரு நெளிகோடு, மேலே 10 லட்சம் முதல் 10.3 லட்சம் வரை 100 பிக்சல். சின்ன ஊர்கள் பளிச்சென்று தெரியும். ஆனால் அளந்து பாருங்கள்: மதுரைப் பட்டை ஏறக்குறைய 360 பிக்சல், திருமங்கலம் 256. உண்மையில் 20 மடங்கு இருக்கும் வித்தியாசம் கண்ணுக்கு ஒன்றரை மடங்குகூட இல்லை. பட்டையை நாம் படிப்பதே அதன் நீளத்தை வைத்துத்தான். நெளிகோட்டைப் பார்த்துவிட்டு யாரும் மனசுக்குள் பட்டையை 20 மடங்கு நீட்டிக்கொள்வதில்லை. மேல்துண்டு எங்கே தொடங்குகிறது என்பதும் வரைபவர் இஷ்டம். 9 லட்சத்தில் தொடங்கினால் அதே மதுரைக்கு வேறு உயரம்.

எக்செலில் இதைவிட மோசமாக ஒன்று நடக்கும். அச்சின் `Maximum` பெட்டியில் 60000 என்று போட்டால் மதுரைப் பட்டை மேல்விளிம்போடு சத்தமில்லாமல் வெட்டுப்பட்டு நிற்கும். நெளிகோடுகூட வராது. ஒரு பட்டை விளிம்பைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மடக்கை அளவுகோல் அடுத்த வழி. அச்சை முறிக்க வேண்டியதில்லை, நான்கு ஊரும் தெரியும். சிக்கல், அந்த அளவுகோலில் பூஜ்யமே கிடையாது. பட்டைக்குக் காலூன்ற இடமில்லை. 10,000-ல் தொடங்கினால் மதுரை திருமங்கலத்தைப் போல 2.8 மடங்கு நீளம், 1,000-ல் தொடங்கினால் 1.8 மடங்கு. ஆகவே மடக்கை வேண்டுமென்றால் பட்டையை விட்டுவிட்டுப் புள்ளி வைக்க வேண்டும். புள்ளியில் இடத்தைப் படிக்கிறோம், நீளத்தை அல்ல. அப்போதும் அடுத்தடுத்த கோடுகள் பத்து பத்து மடங்கு என்று தெரிந்த வாசகருக்குத்தான் அது உதவும். ஊராட்சிக் கூட்டத்தில் காட்டும் படத்துக்கு நான் இதைத் தொடமாட்டேன்.

அச்சுக்குப் போகிற அறிக்கை என்றால் என் தேர்வு இரட்டைக் கட்டம். இடப்பக்கம் நான்கு ஊரும் முழு அளவில், 0 முதல் 12 லட்சம். வலப்பக்கம் மதுரை இல்லாமல் மற்ற மூன்றும், 0 முதல் 60,000. இரண்டும் 8 செ.மீ. அகலம், கிடைமட்டப் பட்டைகள், இரண்டிலும் `Minimum` 0 என்று கையாலேயே பூட்டிவிட வேண்டும். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே பூஜ்யத்தை விட்டு விலகித் தொடங்கும். இப்போது வலப்பக்கத்தில் திருமங்கலம் 6.8, மேலூர் 5.3, உசிலம்பட்டி 4.7 செ.மீ. தாராளமாகப் படிக்கலாம்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இடப்பக்கத்து மதுரையும் அதே 6.8 செ.மீ.தான்! அவசரமாகப் பார்க்கிறவர் இரண்டும் சமம் என்று நினைத்துவிடுவார். அதனால் மதுரைக்குத் தனி நிறம், மூன்று ஊர்களுக்கும் இரண்டு கட்டத்திலும் ஒரே நிறம். வலக்கட்டத்தின் தலைப்பிலேயே ‘20 மடங்கு பெரிதாக்கியது’ என்று எழுதுங்கள், அடிக்குறிப்பில் அல்ல.

பொதுமக்கள் பார்க்கிற படம் என்றால் பட்டையைச் சின்னச் சதுரக் கட்டங்களாக்கி வரிசை வரிசையாக மடித்துவிடலாம். ஒரு கட்டம் 5,000 பேர். உசிலம்பட்டிக்கு 7, மேலூருக்கு 8, திருமங்கலத்துக்கு 10, மதுரைக்கு 204. வரிசைக்கு 20 கட்டம் வைத்தால் சின்ன ஊர்கள் ஆளுக்கு அரை வரிசையோடு முடிந்துவிடும்; மதுரை பத்து வரிசை நிரம்பி பதினோராவதில் நான்கு கட்டம் வழியும். எதையும் வெட்டவில்லை, எல்லாக் கட்டமும் ஒரே அளவு, சின்னவற்றை விரல்விட்டு எண்ணலாம். எக்செல் தாளில் கலங்களைச் சதுரமாக்கி நிறம் தீட்டினாலே போதும். இழப்பது நுணுக்கத்தை: 5,000-க்குக் குறைவான வித்தியாசம் இதில் தெரியாமலும் போகலாம். அந்த நுணுக்கம் முக்கியம் என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் எண்ணை எழுதுங்கள். நான்கே ஊர்தானே, இடமா இல்லை?