10.15 மணி டப்பாவில் எதை வைப்பது: பிஸ்கட், பழம், சுண்டல், பொரி

மழலையர் வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் படிக்கும் குழந்தைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். மதிய உணவைப் பற்றி அல்லாமல், காலை இடைவேளைக்குக் கொடுத்தனுப்பும் சிறு டப்பாவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். என் மகள் படிக்கும் யு.கே.ஜி. வகுப்பில் அந்த இடைவேளை 10.15 மணிக்கு வருகிறது. 15 நிமிடம்தான், கை கழுவ, டப்பாவைத் திறக்க, சாப்பிட, மூட எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவே. வேன் 7.40-க்கு வந்துவிடுகிறது என்பதால், டப்பாவில் போகும் பொருள் சென்னை வெக்கையில் ஏறக்குறைய 3 மணி நேரம் கெடாமல் இருக்க வேண்டும். குப்பை என்றதும் நமக்கு பிளாஸ்டிக் உறைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பாதி தின்று திரும்பி வந்து கொட்டப்படும் உணவும் குப்பைதான் என்பதால், இங்கே இரண்டையும் சேர்த்தே கணக்கிடுகிறேன்.

பிஸ்கட் பாக்கெட்டுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை; அது கெடாது, குழந்தையும் மீதம் வைக்காது. ஆனால் அதன் உறை பிளாஸ்டிக்கும் மெல்லிய உலோகப் பூச்சும் ஒட்டிச் செய்யப்பட்டது. இரண்டையும் பிரிக்க முடியாததால் பழைய பேப்பர் கடைக்காரர் அதை எடுப்பதில்லை. அது கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கோ பெருங்குடிக் கிடங்குக்கோ போய்ச் சேர வேண்டியதுதான். நாளுக்கு ஒரு சிறு பாக்கெட் என்றால் 20 பள்ளி நாள்களுக்கு 20 உறைகள். பிஸ்கட்டை அடியோடு விட முடியாத வீட்டில், பெரிய பாக்கெட்டாக வாங்கிக் காற்றுப் புகாத டின்னில் கொட்டி வைத்து, நாளுக்கு மூன்று எடுத்து டப்பாவில் வைத்தாலே உறைகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்துவிடும். பசி தாங்குவதில் பிஸ்கட் வலுவற்றது என்பதையும் சொல்ல வேண்டும். மாவும் சர்க்கரையும் மட்டுமே தின்ற குழந்தை 11.30-க்கே மதிய டப்பாவைத் தேடத் தொடங்கும்.

அவசரமான காலைக்குப் பழத்தை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் தீர்மானம். ஆனால் எல்லாப் பழமும் டப்பாவுக்கு ஏற்றதல்ல. ஏலக்கி வாழைப்பழம் சிறு டப்பாவுக்குள்ளேயே அடங்கும், தோலே அதற்கு உறை. காம்பை ஒட்டிக் கத்தியால் பாதி ஆழம் கீறி அனுப்பினால் சின்னக் கை தானே உரித்துக்கொள்ளும். தோலை வகுப்புக் கூடையில் போடாமல் டப்பாவிலேயே திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே அது உறைகளோடு கலந்துவிடும், வீட்டிலோ மக்கும் குப்பையில் சேரும். கொய்யாவை நறுக்கி வைத்தாலும் நிறம் அதிகம் மாறாது, நீரும் விடாது. விதை கடினமாக இருப்பதால் நடுப்பகுதியை நீக்கிவிட்டுச் சதையை மட்டும் வைக்கவும். ஆப்பிள் துண்டுகள் பழுப்பு நிறமாக மாறியதும் குழந்தை அவற்றைத் தொடாது. கால் ஸ்பூன் உப்புக் கரைத்த ஒரு டம்ளர் தண்ணீரில் 5 நிமிடம் போட்டு, அலசித் துடைத்து வைத்தால் இடைவேளை வரை வெளுப்பாகவே இருக்கும். பப்பாளியும் தர்பூசணியும் நீர் விட்டுப் பையை நனைப்பதால் அவற்றை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். திராட்சை கொடுத்தால் நீளவாட்டில் நான்காக நறுக்காமல் அனுப்பாதீர்கள். முழுத் திராட்சையும் முழு வேர்க்கடலையும் 5 வயதுக்குட்பட்டவர்களின் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியவை.

பசி தாங்குவதில் சுண்டல்தான் முதலிடம் பெறும். அதற்கு நேரமாகும் என்று பலர் தயங்குகிறார்கள். உண்மையில் நேரத்தைத் தின்பது ஊறவைக்க மறப்பதுதான். ஞாயிறு இரவு ஒரு டம்ளர் பச்சைப்பயறை ஊறவையுங்கள். காலையில் நீரை நன்றாக வடித்து, மூன்று பங்காக்கி, ஒரு பங்கை அன்றே வேகவைத்து, மற்ற இரண்டையும் மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் புதன்கிழமை வரை பயன்படும். எட்டு மணி நேரம் ஊறிய பயறு திறந்த பாத்திரத்திலேயே 15 நிமிடத்தில் வெந்துவிடும். சாதத்தோடு குக்கரில் வைத்தால் குழைந்து போகும். குக்கர் அடுக்கு கொண்டைக்கடலைக்கு ஏற்ற இடம்: இரவெல்லாம் ஊறிய கடலையைச் சாதத்துக்குக் கீழ்த் தட்டில் வைத்தால் தனி அடுப்பு தேவையில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்காத கடலையைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தாளிப்பில் மிளகாய் வேண்டாம், கடுகும் பெருங்காயமும் போதும். தேங்காயையும் விட்டுவிடுங்கள், ஏனென்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் முதலில் ஊசுவது தேங்காய்தான். அதற்குப் பதிலாக ஒரு ஸ்பூன் துருவிய கேரட் போடலாம்.

பொரியும் வெல்லமும் அவசரக் கைக்காவல். நாட்டு மளிகைக் கடையில் நம் டப்பாவைக் கொடுத்தே நிறுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பதால் உறையே இல்லை. ஆனால் பொரி ஈரக்காற்றில் ஒரே நாளில் நமத்துவிடும், வயிற்றிலும் நெடுநேரம் நிற்காது. ஆகவே அதோடு ஒரு வாழைப்பழமும் சேர வேண்டும்.

எங்கள் வீட்டில் இவற்றை ஒரு வாரம் வைத்துப் பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். திங்களன்று வாழைப்பழம், தோல் மட்டும் திரும்பியது. செவ்வாயன்று பச்சைப்பயறுச் சுண்டல். கைபடாமல் அப்படியே வந்தது. பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி அதை நிறுத்திவிட இருந்தேன். கேட்டபோதுதான், மூடியைத் திறக்கவே முடியவில்லை என்று சொன்னாள். சூடான சுண்டலைப் போட்டு உடனே மூடியிருக்கிறேன். உள்ளே இருந்த ஆவி குளிர்ந்து சுருங்கியபோது எவர்சில்வர் மூடியை உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டது. வகுப்பு ஆசிரியைக்கு 30 குழந்தைகளின் டப்பாவைத் திறந்து கொடுக்க நேரம் ஏது? அதே ஆவி நீராக மாறி அடியில் தங்கியதால் சுண்டல் கொழகொழப்பாகியும் இருந்தது. புதனன்று அதே வகைச் சுண்டலைப் புதிதாகச் செய்து, தட்டில் பரப்பி 10 நிமிடம் ஆறவிட்டு, பக்கவாட்டில் கொக்கி உள்ள டப்பாவில் வைத்து, புறப்படும் முன் அவளையே ஒரு முறை திறந்து மூடச் சொன்னேன். அன்று நான்கைந்து பயறுகள்தான் மீதம் வந்தன. வியாழனன்று கொய்யா, பாதி திரும்பியது. துண்டுகள் பெரிதாக இருந்ததால் நேரம் போதவில்லை என்று தெரிந்து, இப்போது அவள் விரல் அகலத்துக்கு நறுக்குகிறேன். வெள்ளியன்று நான் தாமதமாக எழுந்ததால் பொரியும் வாழைப்பழமும் போயின. டப்பா காலியாக வந்தது, ஆனால் 11.30-க்கே பசித்ததாகச் சொன்னாள்.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது சுண்டலுக்குத் திங்களும் புதனும், பழத்துக்குச் செவ்வாயும் வியாழனும், வெள்ளிக்கு மூன்று பிஸ்கட்டோ பொரியோ என்று வைத்திருக்கிறோம். வேர்க்கடலைச் சுண்டலை மட்டும் பள்ளிக்கு அனுப்புவதில்லை. குழந்தைகள் பகிர்ந்து தின்பவர்கள், பக்கத்து இருக்கைக் குழந்தைக்கு அது ஒவ்வாமல் போகலாம். அதை மாலையில் வீட்டிலேயே மசித்துக் கொடுக்கிறோம்.