ஊசி, மாத்திரை, கைக்குச்சி: விட்ட பிறகு பிள்ளை தங்க எத்தனை மாதம்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே லயத்தில் இருக்கும் ஓரகத்திகள் இருவர். மூத்தவளுக்குக் கருத்தடைக்காகக் கையின் தோலுக்கடியில் குச்சி வைத்திருந்தது, இளையவள் அதற்காகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் அடுத்த பிள்ளைக்கு ஆசைப்பட்டு ஒரே பெப்ரவரியில் நிறுத்தினார்கள். மூத்தவள் குச்சியை எடுத்துவிட்டாள். இளையவள் பெப்ரவரி 10இல் போட்டதே கடைசி என்று முடிவெடுத்து, மே மாத ஊசிக்குப் போகவில்லை.

ஜூனில் மூத்தவளுக்கு நாள் தள்ளிப்போனது. ஆகஸ்ட் வந்தும் இளையவளுக்கு மாதவிடாயே சரியாக வரவில்லை. "அந்த ஊசி கர்ப்பப்பையைக் காயவெச்சிருச்சு, நான் அப்பவே சொன்னேன்" என்றாள் மாமியார். பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகும்போது இளையவள் அழுதுகொண்டே போனதை நான் பார்த்தேன். அவளுக்குச் சொன்ன கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று முறைகளும் செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்: முட்டை வெளியாவதை நிறுத்தி, கர்ப்பப்பை வாயின் சளியைத் தடிப்பாக்குகின்றன. வித்தியாசமெல்லாம் நிறுத்திய பிறகு மருந்து உடம்பை விட்டுப் போகும் வேகத்தில் இருக்கிறது.

மாத்திரையை நிறுத்தினால் சில நாட்களில் ஹார்மோன் போய்விடும். பலருக்கு அடுத்த ஒன்றிரண்டு மாதங்களுக்குள் முட்டை வெளியாகத் தொடங்கும். ஐரோப்பாவில் பெரிய எண்ணிக்கையில் பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், மாத்திரையை விட்ட முதல் சுழற்சியிலேயே நூற்றில் 21 பேர் கருத்தரித்தார்கள், ஒரு வருடத்துக்குள் 79 பேர். எந்தத் தடுப்பும் பாவிக்காத பெண்களுக்கும் இதே அளவுதான். மூன்று வருடம் மாத்திரை எடுத்தவளுக்கு மூன்று மாதம் எடுத்தவளைவிடத் தாமதமாகும் என்று பயப்படத் தேவையில்லை.

கைக்குச்சியும் அப்படித்தான். இங்கே பலருக்கு வைப்பது இரண்டு மெல்லிய குச்சிகள், ஐந்து வருடம் வேலை செய்யும். மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் சின்னதாகக் கீறி எடுத்ததும் புதிதாக ஹார்மோன் சுரக்க வழியில்லை. இரத்தத்தில் மிச்சமிருப்பது இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். எடுத்த மறுமாதமே முட்டை வெளியாகலாம். பிள்ளை வேண்டாம் என்று குச்சியை மட்டும் எடுக்கிறவர்கள் அன்றிலிருந்தே வேறு தடுப்பைத் தொடங்க வேண்டும்.

ஊசிதான் வேறு மாதிரி. அதில் இருப்பது 150 மில்லிகிராம் மருந்து, தண்ணீரில் எளிதில் கரையாத மிக நுண்ணிய படிகங்களாக. தசைக்குள் போனதும் ஒரு சேமிப்பு மாதிரி அங்கேயே தங்கி, மெல்ல மெல்லக் கரைந்து இரத்தத்தில் கலக்கும். மூன்று மாதத்துக்கு ஒன்று போதும் என்பது இதனால்தான். குச்சியை வெளியே எடுக்கலாம், மாத்திரையை இன்றிரவே விடலாம், போட்ட ஊசியை மட்டும் திரும்ப எடுக்க முடியாது. மூன்று மாதம் என்பது யாருக்கும் பாதுகாப்பு தவறாமல் இருக்க வைத்த கெடு. பலருக்கு அதற்குப் பிறகும் மருந்து மிச்சமிருக்கும். உடம்பு பாரமானவர்களுக்குச் சற்றுக் கூடுதல் காலம் போகலாம். எத்தனை ஊசி போட்டீர்கள் என்பது தாமதத்தைக் கூட்டுவதில்லை. ஒன்று போட்டவளுக்கும் பத்து போட்டவளுக்கும் கடைசி ஊசிதான் கணக்கு.

ஊசியின் மருந்துக் குறிப்பில் உள்ள எண்ணிக்கையை இளையவளின் நாட்காட்டியில் வைத்துப் பார்ப்போம். கர்ப்பமானவர்களில் பாதிப்பேருக்குக் கடைசி ஊசியிலிருந்து சுமார் 10 மாதத்துக்குள் கரு தங்கியது, அதாவது அவளுக்கு டிசம்பர் 10. நூற்றில் 68 பேருக்கு 12 மாதத்துக்குள், அது அடுத்த பெப்ரவரி. 83 பேருக்கு 15 மாதத்துக்குள், அது மே. 93 பேருக்கு 18 மாதத்துக்குள், அது ஆகஸ்ட். நான்கே மாதத்தில் தங்கியவரும் உண்டு, 31 மாதம் காத்திருந்தவரும் உண்டு.

மாமியார் கோபப்பட்ட அந்த ஆகஸ்டில், கடைசி ஊசி போட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதில் முதல் மூன்று மாதம் ஊசி செய்ய வேண்டிய வேலையைச் செய்த காலம். உண்மையான காத்திருப்பு மூன்று மாதம்தான். மற்ற முறைகளைவிட ஊசிக்குச் சராசரியாக நான்கு மாதம் கூடுதலாகப் போகும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. இரண்டு வருட முடிவில் மூன்று முறைகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும்.

மாதவிடாய் வராததைப் பற்றியும் மாமியாரிடம் பேசினேன். வர வேண்டிய இரத்தம் உள்ளே தேங்குகிறது என்ற பயம் நம் லயங்களில் நிறைய. ஊசியால் கர்ப்பப்பையின் உள்படலம் மெலிந்தே இருக்கும், வெளியேற எதுவும் சேராது, அதனால் தேங்கவும் எதுவுமில்லை. "அப்ப அழுக்கு ஏதும் நிக்கலையா?" என்று இரண்டு தடவை கேட்டுத்தான் அமைதியானாள்.

மாதவிடாய் வரும்வரை கரு தங்காது என்பதும் தப்பு. முதல் முட்டை வெளியான பிறகுதான் முதல் மாதவிடாய் வரும், அதற்கு முன்பே கரு தங்கிவிடலாம். அதனால் நாள் காணாமல் இருப்பவள் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். முட்டை வெளியாகும் நாட்களை நெருங்கும்போது வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இழுபடும், அதைக் கவனித்தால் உடம்பு திரும்புவது தெரியும்.

மாத்திரையில் வேறொரு குழப்பம் இருக்கிறது. மாத்திரை எடுக்கும்போது மாதாமாதம் ஒழுங்காக வருவது மாத்திரை இடைவெளியில் வரும் கசிவு. முன்பு ஒழுங்கில்லாமல் வந்தவளுக்கு நிறுத்தியதும் பழையபடியே ஒழுங்கில்லாமல் வரும். பழியை மாத்திரை மேல் போட்டுவிட்டு, நீர்க்கட்டியோ தைராய்டோ பார்க்காமலே காலம் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, அடுத்த பிள்ளைக்கு மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் யோசிக்கிறவளுக்கு ஊசி தாராளமாகப் பொருந்தும்: தினமும் நினைவு வைக்க வேண்டாம், பால் கொடுக்கும் காலத்திலும் போடலாம். ஒன்றரை வருடத்துக்குள் பிள்ளை வேண்டும் என்பவளுக்கு ஊசியை நான் சொல்லமாட்டேன். குச்சி அவளுக்கு நல்லது. ஆனால் வைப்பதற்கு முன்பே எங்கே, எந்த நாளில் எடுக்கலாம் என்று மிட்வைஃப் அம்மாவிடம் கேட்டு வைக்க வேண்டும். எடுக்கப் போகும் நாளில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்பதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் நம் ஆட்கள்.

ஏற்கெனவே ஊசியில் இருந்துகொண்டு அடுத்த ஜனவரியில் முயற்சி தொடங்க நினைத்தால், பெப்ரவரி, மார்ச் அளவில் கடைசி ஊசியைப் போட்டு, அடுத்த ஊசித் திகதியில் மாத்திரைக்கு மாறலாம். டிசம்பர் முடிய மாத்திரை காக்கும், அதற்குள் ஊசி மருந்தும் பெரும்பாலும் கரைந்திருக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்களும், கண்ணில் மின்னலோடு ஒற்றைத் தலைவலி வருகிறவர்களும், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்களும் சாதாரண மாத்திரைக்கு மாறக் கூடாது. அவர்களுக்கு ஆணுறை. ஃபோலிக் அமிலம் முயற்சிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும், கிளினிக்கில் கேளுங்கள்.

வைத்தியரிடம் எப்போது போவது? மாத்திரை, குச்சி என்றால் நிறுத்தி ஒரு வருடம் முயற்சித்தும் தங்காவிட்டால், 35 வயதைத் தாண்டியவள் ஆறு மாதத்தில். ஊசிக்கும் இதே கணக்குத்தான், ஆனால் எண்ணத் தொடங்குவது ஊசியின் மூன்று மாதம் முடிந்த பிறகு. கடைசி ஊசியிலிருந்து ஒரு வருடமாகியும் மாதவிடாயே வராவிட்டால் மேலும் காத்திருக்காமல் போங்கள். கணவனையும் கூட்டிப் போங்கள், விந்துப் பரிசோதனை எளிதானது.

இளையவளின் கிளினிக் அட்டையில் பெப்ரவரி 10ஐ வட்டமிட்டு, டிசம்பரை அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அந்த அட்டையை மாமியார் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். ஒக்டோபரில் மாதவிடாய் வந்தது. ஜனவரியில் வரவில்லை.