வகுப்புக் குழுவுக்கு அனுப்பும் முன்: வாணியோடு ஒரு வருடத்துக்கு மேல்

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் எது போவதானாலும், முதலில் நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழை திருத்தியில் ஒட்டிப் பார்ப்பது ஒரு வருடத்துக்கு மேலாகப் பழக்கம். இணையத்தில் திறந்து, செய்தியை ஒட்டினால் போதும். அது எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

பக்கத்து வகுப்பு ரீச்சர் ஒரு நாள் இரவு எனக்கு அனுப்பிய வரைவு இது: "அன்பான பெற்றோர்களே நாளை 8.30க்கு பெற்றோர் கூட்டம் இடம்பெரும் பிள்ளைகளை அலைத்து வரவேண்டாம் தேர்ச்சி அறிக்கை ஒப்பமிடாதவர்கள் கொண்டு வரவும்". கீழே, "ரீச்சர், இதை ஒருக்கா பாருங்க, அனுப்பப் போறன்" என்று இருந்தது.

'இடம்பெரும்' திருத்தியில் மாட்டியது. 'அலைத்து' மாட்டவில்லை. அலைக்கழிக்கிற அலைத்தும் தமிழ்ச் சொல்தானே, திருத்தி அதை ஏன் பிடிக்கப் போகிறது! அகராதியையும் விகுதிகளையும் வைத்து வேலை செய்யும் எந்தத் திருத்திக்கும் உள்ள எல்லை இது. இல்லாத சொல்லைக் காட்டும், இடம் மாறி வந்த சொல்லைக் காட்டாது. ஆங்கில எழுத்தில் தட்டி தமிழாக்கும் விசைப்பலகையில் இந்த வகைப் பிழைதான் அதிகம். ல, ள, ழ மூன்றையும் அது வரிசையாக நீட்டும், அவசரத்தில் விரல் எதிலாவது படும்.

இதைவிடப் பயம் 'வேண்டும்', 'வேண்டாம்' சோடி. ஓரெழுத்து மாறினால் செய்தி தலைகீழ், ஆனால் இரண்டுமே பிழையற்ற சொற்கள். அதனால் அறிவுறுத்தல் முடியும் இடத்தில் அந்தச் சோடியையே தவிர்க்கிறேன். 'வாருங்கள்', 'வீட்டில் நிற்கட்டும்' என்று எழுதினால் விரல் தவறினாலும் பொருள் புரளாது.

எழுத்து சரி. அப்புறம் பொருள். 'பிள்ளைகளை அழைத்து வரவேண்டாம்' என்றால் என்ன? ரீச்சர் நினைத்தது, கைக்குழந்தைகளையும் பாலர் பாடசாலைத் தம்பி தங்கச்சிமாரையும். வாசிக்கிற தாய் நினைப்பது, நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு. என் வகுப்புத் தாய் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். முதல் கேள்வியே "அப்ப நாளைக்கு இவனை அனுப்பத் தேவல்லையா ரீச்சர்?" என்பதுதான். ஒப்பமிட்டவர்கள் அறிக்கையோடு வருவதா, இல்லாமல் வருவதா என்பதும் அவருக்குப் புரியவில்லை. இதை எந்தத் திருத்தியும் கேட்காது.

'நாளை' இன்னொரு வில்லங்கம். இரவு பதினொரு மணிக்குப் போன செய்தியைப் பலர் விடியத்தான் பார்ப்பார்கள். சில பிள்ளைகளின் தாய் தகப்பன் கட்டாரிலோ குவைத்திலோ இருக்க, வீட்டில் அம்மம்மாவுக்கு மூத்த பிள்ளை வாசித்துக் காட்டும். அந்த 'நாளை' எந்த நாள்? ஆகவே திகதி, கிழமை இரண்டையும் போடுகிறோம். இரண்டும் பொருந்தாவிட்டால் யாராவது உடனே கேட்பார்கள், அதுவே ஒரு சோதனை.

கடைசியில் போன செய்தி:

"வணக்கம். *17ஆம் திகதி திங்கட்கிழமை காலை 8.30* மணிக்கு எங்கள் வகுப்பறையில் பெற்றோர் கூட்டம். மாணவர்களுக்கு அன்று வழமைபோல் பாடசாலை உண்டு. பாடசாலை செல்லாத சிறு பிள்ளைகள் வீட்டில் நிற்கட்டும். தேர்ச்சி அறிக்கையை எல்லோரும் ஒப்பமிட்டுக் கொண்டு வாருங்கள்."

தடித்த எழுத்துக்கு இரு பக்கமும் நட்சத்திரக் குறி, அவ்வளவுதான்.

சந்தி பார்ப்பதற்கு நீச்சல்காரனே உருவாக்கிய நாவி இருக்கிறது. பாடசாலை மலருக்கு அதைப் பயன்படுத்துகிறேன், குழுச் செய்திக்கு மினக்கெடுவதில்லை. 'ப்' விடுபட்டதால் கூட்டத்துக்கு வராமல் விட்ட பெற்றோர் யாரும் இல்லை. (எங்கள் தமிழ்ப் பாட சேர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.)

அனுப்பிய பிறகு பிழை கண்டால்? வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஆனால் திருத்தியதற்குப் புதிதாக அறிவிப்பு மணி அடிக்காது. அதற்குள் யாராவது வேறு குழுவுக்கு அனுப்பியிருந்தால், அங்கே பழைய பிரதியே நிற்கும். எனவே நாள், நேரம் பிழைத்தால் திருத்துவதோடு விடாமல், 'திருத்தம்' என்று தொடங்கிப் புதுச் செய்தி போடுவதுதான் பாதுகாப்பு.

தாளில் எழுதிப் படம் பிடித்து வருகிற அறிவித்தலை மட்டும் அப்படியே திருத்தியில் ஒட்டிப் பார்க்க முடியாது. அவற்றை நானே தட்டச்சு செய்து, திருத்தியில் போட்டு, படத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனாலும் படம் சரியாகத் தெரியாத பழைய போன்காரர்கள் அந்த எழுத்தைத்தான் வாசிக்கிறார்கள்.