தீபாவளி முடிந்தபின் வந்த தீபாவளி அறிவிப்பு: விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்பும் சிறு கடைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

2024 அக்டோபர் 31, தீபாவளி. எண்ணெய்க் குளியல் முடிந்து, லேகியம் தின்று, கடையை அடைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். காலை 10 மணி 7 நிமிடத்துக்குக் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. எங்கள் கடையின் செய்திதான். “தீபாவளிப் பலகாரங்களுக்கு அக்டோபர் 26-க்குள் முன்பதிவு செய்யுங்கள்” என்று எழுதியிருந்தது. அதே நிமிடத்தில் எங்கள் வாடிக்கையாளர்கள் 3,200 பேருக்கும் அது போய்க்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது. சிலர் கோபப்பட்டார்கள். சிலர் மீதம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார்கள். ஒரு பெரியவர், “பத்து நாளுக்கு முன்னால் இது வந்திருந்தால் உன்னிடமே வாங்கியிருப்பேனே தம்பி” என்றார். இன்றுவரை என்னை உறுத்துவது அந்தப் பேச்சுதான்.

நாங்கள் பலகாரம் செய்து விற்கும் சிறிய கடை. பில் புத்தகத்தில் வாடிக்கையாளர்கள் விரும்பித் தந்த எண்களைச் சேர்த்து வைத்திருந்தோம். ஆண்டு முழுவதும் பண்டிகைச் செய்திகளைத் தாங்களே அனுப்பிவிடுவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் 18,000 ரூபாய் முன்பணமாகக் கொடுத்தேன். “தேதியெல்லாம் எங்கள் நாட்காட்டியில் இருக்கிறது சார், நீங்கள் நினைவு வைத்துக்கொள்ளவே வேண்டாம்” என்றார்கள். அந்த நாட்காட்டியை முதலிலேயே வாங்கிப் பார்க்காதது என் பிழை. பின்னால் பார்த்தபோது, அக்டோபர் 29-இல் தந்தேரஸுக்கு ஒரு செய்தி, 31 மாலையில் லட்சுமி பூஜைக்கு ஒரு செய்தி என்று போட்டிருந்தார்கள். வடநாட்டுக் கடைகளுக்குத் தயாரித்த பட்டியல் அது. நம் ஊரில் தீபாவளி விடியற்காலையிலேயே நடந்து முடிந்துவிடும். வாங்குவதெல்லாம் அதற்கு முன்பே, போனஸ் கைக்கு வந்த நாளிலிருந்து நடக்கும்.

நான் கேட்டது ஒரே ஒரு நாள்: அக்டோபர் 17, வியாழக்கிழமை. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். முன்பதிவு முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கும். அன்று மாலை, “3,200 செய்திகளும் போய்விட்டன” என்று பதில் வந்தது. ஆனால் பட்டியலில் இருந்த என் எண்ணுக்கும் வரவில்லை, என் மனைவியின் எண்ணுக்கும் வரவில்லை. இரண்டு நாள் காத்திருந்தும் ஓர் அழைப்புகூட இல்லை. நான்கு முறை கேட்டபின் ஓர் அறிக்கை அனுப்பினார்கள். அதில் எல்லா எண்களுக்கும் நேராக `Submitted` என்று இருந்தது. செய்தி அவர்களிடமிருந்து கிளம்பியது என்பதுதான் அதற்குப் பொருள். வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் `Delivered` என்று இருக்க வேண்டும், அதற்கு நேராக மணியும் நிமிடமும் இருக்க வேண்டும்.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. வணிகச் செய்திகளுக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அனுப்புகிறவர்களைப் பதிவு செய்யும் டி.எல்.டி. தளத்தில் பதிவு வேண்டும். அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் இரண்டுக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், செய்திக்குள் வரும் இணைய இணைப்பையும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது. எங்கள் செய்தியில் விலைப்பட்டியலுக்கு ஒரு சுருக்க இணைப்பை வைத்திருந்தார்கள், அதைப் பதிவு செய்யவில்லை. அதனால் 3,200 செய்திகளும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாசலிலேயே நின்றுபோயின. பிறகு இணைப்பை எடுத்துவிட்டு வாசகத்தைக் கொஞ்சம் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஒப்புதல் பெற்ற வாசகத்தோடு பொருந்தவில்லை என்று அதுவும் திரும்பியது. புதிய வாசகத்துக்கு ஒப்புதல் வாங்கி 30-ஆம் தேதி இரவு மறுபடி ஏற்றினார்கள். விளம்பரச் செய்திகள் காலை 10 முதல் இரவு 9 வரைதான் போகும். ஒன்பது மணி கடந்திருந்ததால், வரிசையில் நின்று மறுநாள் 10 மணிக்குக் கிளம்பியது. தேதி கடந்துவிட்டதே, நிறுத்திவிடலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 மட்டுமே. உயிர்மெய்க் குறிகளும் தனியாக எண்ணப்படும். ‘தீபாவளி’ கண்ணுக்கு நான்கு எழுத்து, கணக்கில் ஏழு. ஒரு செய்தி என்று நான் நினைத்தது மூன்றாகக் கழிந்தது. இதை யாரும் முன்பே சொல்லவில்லை.

இத்தனைக்குப் பிறகும், கொடுத்த பணம் வீணாகக் கூடாதென்று தொடர்ந்தேன். 2025 ஏப்ரல் 18 அன்று எங்கள் கடையின் பெயரில் போன செய்தி: “இனிய புனித வெள்ளி வாழ்த்துகள்! இன்று மட்டும் இனிப்புகளுக்கு 10 சதவீதத் தள்ளுபடி.” பதினைந்து ஆண்டுகளாக எங்களிடம் வாங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அழைத்தார். கோபிக்கவில்லை. “இயேசு சிலுவையில் மரித்த நாள் தம்பி இது. நாங்கள் உபவாசம் இருக்கிறோம். இன்றைக்கா இனிப்பு வாங்கச் சொல்கிறாய்?” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஈஸ்டர் அன்று, அவர் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அரசு விடுமுறைப் பட்டியலை அப்படியே எடுத்து, ஒவ்வொரு நாளுக்கு முன்னாலும் ‘இனிய’ சேர்த்திருக்கிறார்கள். அதே தாளில் ஜூலை 6-க்கு நேராக ‘இனிய மொஹரம்’ என்று இருந்தது. கர்பலாவில் இமாம் உசேன் உயிர்நீத்ததை நினைத்துப் பலர் துக்கம் காக்கும் நாள் அது. ரம்ஜானுக்கோ தேதியையே முன்கூட்டிப் பூட்டி வைத்திருந்தார்கள். பிறை தெரிந்து தலைமை காஜி அறிவித்த பிறகுதான் அந்த நாள் உறுதியாகும். அதுவரை வாழ்த்தை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். அன்றே ஒப்பந்தத்தை முறித்தேன். பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

இப்போது நானே அனுப்புகிறேன். கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன். 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கள். எங்கள் அடுப்பு தாங்கும் அளவுக்கு முன்பதிவை 14-ஆம் தேதியே முடிக்க வேண்டியிருந்தது. முதல் அறிவிப்பு 6-ஆம் தேதி; ஆயுத பூஜை, விஜயதசமி, வார இறுதி எல்லாம் முடிந்த முதல் வேலை நாள். நினைவூட்டல் 12-ஆம் தேதி ஞாயிறு காலை 11 மணிக்கு. வீட்டில் எல்லோரும் சேர்ந்து எதை வாங்குவது என்று பேசும் நேரம். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது, தீபாவளியன்று வாழ்த்துகூட அனுப்புவதில்லை. வாசகத்துக்கான ஒப்புதலைச் செப்டம்பரிலேயே வாங்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும் முதலில் வீட்டிலுள்ள மூன்று எண்களுக்கு அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்தபிறகே மற்றவர்களுக்கு அனுப்பினேன்.

அந்த நிறுவனத்தை விட்டு வெளியே வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. டி.எல்.டி. பதிவு, அனுப்புநர் பெயர், ஒப்புதல் பெற்ற வாசகங்கள் அத்தனையும் அவர்கள் கணக்கில் இருந்தன. எதையும் எடுத்துக்கொண்டு வர முடியவில்லை. கடையின் பெயரில், என் ஆவணங்களைக் கொடுத்து எல்லாவற்றையும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. யாரிடம் வேலையைக் கொடுத்தாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பதிவு உங்கள் பெயரில் இருக்கிறதா, கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். தேதிப் பட்டியலை முழுதாக வாங்கி, வீட்டுப் பெரியவர்களிடமும் வேறு மதத்து நண்பர் ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். எங்கள் பட்டியலை இப்போது அந்த ஆசிரியைதான் பார்த்துத் தருகிறார்.